கேட்பதற்கு முன்பே தொடங்கிவிடும் உபசரிப்பு: ஜப்பானின் ஒமோதெனாஷி

ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை இது. பதினாறாம் நூற்றாண்டின் போர்த்தலைவர் தோயோதோமி ஹிதெயோஷி வேட்டைக்குப் போய்விட்டு, தொண்டை வறண்டுபோய் ஒரு பௌத்தக் கோயிலுக்குள் நுழைகிறார். அங்கே வேலை பார்த்த ஒரு சிறுவனிடம் தேநீர் கேட்கிறார். பையன் ஒரு பெரிய கிண்ணத்தில், முக்கால் பங்குக்கு, வெதுவெதுப்பான தேநீர் கொண்டுவருகிறான். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்கிறார். இந்த முறை கொஞ்சம் சின்ன கிண்ணம், பாதி அளவு, சூடு கொஞ்சம் கூடுதல். ஹிதெயோஷிக்கு ஆர்வம் வந்துவிடுகிறது, மூன்றாவதும் கேட்கிறார். இப்போது ஒரு சிறிய அழகான கிண்ணத்தில் சுடச்சுட, கொஞ்சமே கொஞ்சம் தேநீர் வருகிறது.

தாகத்தில் வந்தவருக்கு முதலில் வேண்டியது அளவு, சூடு அல்ல. தாகம் தணிந்தபிறகுதான் ருசி பார்க்க நாக்கு தயாராகும். சிறுவன் அதைக் கவனித்திருக்கிறான். அவனைத் தன்னோடு அழைத்துப் போனார் ஹிதெயோஷி, பின்னாளில் அவன்தான் இஷிதா மித்சுனாரி என்ற பெரிய நிர்வாகி ஆனான் என்று கதை முடிகிறது. உண்மையில் நடந்ததா என்பதை வரலாற்றாசிரியர்கள் உறுதியாகச் சொல்வதில்லை. ஆனாலும் ஷிகா மாகாணத்தில் நாகஹாமா ரயில் நிலையத்துக்கு வெளியே, சிறுவன் தேநீர் நீட்டும் காட்சியைச் சிலையாகவே வைத்திருக்கிறார்கள்.

ஹிதெயோஷி கேட்டது வெறும் தேநீர். அளவையும் சூட்டையும் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. கேட்டதை மரியாதையாகவும் சீக்கிரமாகவும் கொண்டுவந்து கொடுத்திருந்தால் அது நல்ல வாடிக்கையாளர் சேவை. கேட்டவரே யோசித்திராத ஒன்றை அவர் முகத்தையும் மூச்சையும் பார்த்துத் தீர்மானித்ததுதான் ஒமோதெனாஷி.

இந்தச் சொல் உலகம் முழுக்கப் பரவியது 2013 செப்டம்பரில். புவெனஸ் அயர்ஸில் நடந்த ஒலிம்பிக் குழுக் கூட்டத்தில் டோக்கியோவுக்காகப் பேசிய தொலைக்காட்சித் தொகுப்பாளர் தகிகவா கிறிஸ்டெல், இந்தச் சொல்லை ஓரெழுத்து ஓரெழுத்தாகப் பிரித்து, கையசைவோடு சொல்லிக் காட்டினார். டோக்கியோவுக்குப் போட்டி கிடைத்தது. அப்புறம் இந்தச் சொல் விமான நிலையப் பலகையிலிருந்து கழிப்பறை விளம்பரம் வரை ஒட்டிக்கொண்டது. ஜப்பானில் யார் குனிந்து வணங்கினாலும், எந்தக் கடையில் பொட்டலத்தை அழகாகக் கட்டிக் கொடுத்தாலும் அதற்கு ஒமோதெனாஷி என்றே பெயர் என்று பயணிகள் எழுத ஆரம்பித்தார்கள்.

அது சரியில்லை என்பது என் கருத்து. பலசரக்கும் சாப்பாடும் விற்கும் கொன்பினி கடைக்குள் நுழைந்ததும் ஊழியர்கள் வரவேற்புச் சொல்லைக் கூவுவது, மீதிச் சில்லறையைச் சிறு தட்டில் வைத்து நீட்டுவது, இதெல்லாம் பயிற்சிக் கையேட்டில் உள்ளவை. உள்ளே வந்தவர் யாராக இருந்தாலும் அதே சொல், அதே குனிவு. ஜப்பானின் அன்றாட சேவை உலகத்திலேயே மேலான தரம் கொண்டது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சேவை எவ்வளவு உயர்ந்தாலும் அது தானாக ஒமோதெனாஷியாக மாறிவிடாது. அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது: எதிரே நிற்பவர் மாறினால் செய்யும் செயலும் மாறுகிறதா என்று பாருங்கள். மாறாவிட்டால் அது கையேடு.

இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஒரு பழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஜப்பானின் பெரிய பல்பொருள் அங்காடிகள் பலவற்றில், வெளியே மழை பிடித்துவிட்டால் உள்ளே ஓடும் பின்னணி இசை மாறும். ஜன்னலே இல்லாத தளத்தில் நிற்கும் ஊழியர்களுக்கு அதுதான் மழைச் செய்தி. அந்த இசை கேட்டதும் காகிதப் பைகளுக்கு மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை போட ஆரம்பிப்பார்கள். வாங்குபவருக்கு வெளியே மழை பெய்வதே தெரியாது. பாட்டு மாறியதையும் கவனித்திருக்க மாட்டார். பை நனையாமல் வீடு போய்ச் சேரும்போதுதான், போட்டவர்கள் ஏன் போட்டார்கள் என்று புரியும். கையேட்டில் எழுதிவைத்த பழக்கம்தான், ஆனால் அதன் வேர் ஒரு பழைய தேநீர் அறையில் இருக்கிறது.

சென் நோ ரிக்யூ 1522இல் பிறந்து 1591இல் இறந்தவர். ஜப்பானியத் தேநீர்ச் சடங்குக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர். தேநீர்க் கலையின் ரகசியம் என்ன என்று ஒருவர் கேட்டபோது அவர் ஏழு விஷயங்களைச் சொன்னதாக மரபு சொல்கிறது. தேநீரைக் குடிப்பவருக்கு ஏற்றபடி கலக்கு. தண்ணீர் கொதிக்கும்படி கரியை அடுக்கு. பூக்களை வயலில் இருப்பதுபோல் வை. கோடையில் குளிர்ச்சியும் குளிர்காலத்தில் கதகதப்பும் இருக்கட்டும். நேரத்துக்கு முன்பே தயாராகு. மழை பெய்யாவிட்டாலும் குடையைத் தயாராக வை. கூட வந்த விருந்தினர்மீது மனம் வை. கேட்டவருக்குச் சப்பென்று போய்விட்டது. இது எனக்கே தெரியுமே என்றாராம். இவற்றை ஒரு குறையும் இல்லாமல் செய்ய முடிந்தால் நானே உங்களுக்குச் சீடனாகிறேன் என்று ரிக்யூ பதில் சொன்னாராம்.

அந்த ஏழில் ஒன்றில்கூட விருந்தினர் என்ன கேட்டார் என்ற பேச்சே இல்லை. பெரும்பாலானவை அவர் வாசலுக்கு வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலைகள். தோட்டப் பாதையின் கற்களில் விருந்தினர் வருவதற்குச் சற்று முன்னால் தண்ணீர் தெளிப்பார்கள். கல் ஈரமாக இருந்தால் உள்ளே எல்லாம் தயார் என்று பொருள். விருந்தினர் அதைப் பார்த்துப் புரிந்துகொண்டு உள்ளே வருவார். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

வாடிக்கையாளர் சேவையில் அநேகமாக இல்லாத இன்னொரு அம்சமும் இங்கே இருக்கிறது. தேநீர் அறையில் விருந்தினருக்கும் வேலை உண்டு. அன்றைக்கு எந்த எழுத்துச் சுருளை அல்லது ஓவியச் சுருளைச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறார்கள், என்ன பூ, எந்தக் கிண்ணம் என்று பார்த்து உணர வேண்டும். முதன்மை விருந்தினராக உட்காருபவர் மற்றவர்கள் சார்பில் கிண்ணத்தைப் பற்றியும் தேநீர்க் கரண்டியைப் பற்றியும் கேட்க வேண்டும். கிண்ணத்தின் அழகான முகப்பை விருந்தினர் பக்கம் திருப்பிக் கொடுப்பார் வீட்டுக்காரர். அந்த முகப்பில் வாய் வைக்கக் கூடாது என்று விருந்தினர் அதைச் சற்றுத் திருப்பிவிட்டுக் குடிப்பார். இருவரும் ஒருவரை ஒருவர் நினைத்துச் செய்கிறார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் அந்தப் பொழுது நிறைவாகும் என்பது தேநீர்க்காரர்களின் நம்பிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேநீர் பற்றி எழுதிய பிரபு ஈ நாவோசுகே இதே எண்ணத்தை இன்னும் இறுக்கமாகச் சொன்னார்: அதே ஆட்கள் மறுபடி கூடினாலும் இன்றைய சந்திப்பு திரும்ப வராது. ஆகவே இரு தரப்பும் இன்றைக்கு அலட்சியம் காட்டக் கூடாது.

தேநீர் அறையில் வீட்டுக்காரர் ஒருவர், விருந்தினர் சிலர், சில மணி நேரம். இதையே தொழிலாக, ஒவ்வொரு ராத்திரியும் முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்வது எப்படி? அதற்கான இடம் ரியோகான், அதாவது பாரம்பரியத் தங்கும் விடுதி. அங்கே ஒமோதெனாஷியின் சுமை முழுக்க இரண்டு பேர்மேல் இருக்கிறது. ஒருவர் ஒகாமி, விடுதியின் எஜமானி, பெரும்பாலும் உரிமையாளர் குடும்பத்துப் பெண். இன்னொருவர் நகாய், கிமோனோ உடுத்தி அறையைக் கவனித்துக்கொள்பவர். ஹோட்டலில் வரவேற்பறைக்கு ஒருவர், பெட்டி தூக்க ஒருவர், சாப்பாடு பரிமாற ஒருவர், படுக்கை விரிக்க ஒருவர் என்று வேலை பிரிந்து கிடக்கும். பழைய முறை ரியோகானில் இத்தனையும் அந்த அறைக்குரிய நகாய் ஒருவரே. இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளாமல் மற்றதைப் பேச முடியாது. ஒருவரே எல்லா நேரமும் பார்ப்பதால்தான் மதியம் கவனித்தது ராத்திரிக்கு உதவுகிறது.

ஒரு குடும்பத்தைக் கற்பனையாக வைத்து ஒரு ராத்திரியை நகர்த்திப் பார்க்கலாம். எழுபது வயதான அம்மாவை மகள் அழைத்து வருகிறார். முன்பதிவுப் படிவத்தில் அம்மாவின் எழுபதாவது பிறந்தநாள் என்று ஒரு வரி எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். ஜப்பானில் எழுபது வயது நிறைவுக்குரிய நிறம் ஊதா. அந்த ஒரு வரியை வைத்து விடுதியில் ஊதா நிற அமர்வுத் திண்டு எடுத்து வைக்கப்படும்.

மூன்று மணிக்கு அவர்கள் வருகிறார்கள். வாசலில் தண்ணீர் தெளித்தாகிவிட்டது. செருப்பைக் கழற்றும் இடம்தான் நகாய்க்கு முதல் பரிசோதனைக் கூடம். அம்மா ஷூ கழற்றும்போது பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொள்கிறார், இடது முழங்காலை மடக்கத் தயங்குகிறார். நகாய் அதைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. இருவரின் உயரத்தையும் கண்ணாலேயே அளந்துகொள்கிறார், ஏனென்றால் அறைக்கு யுகாதா உடை கொண்டுபோக வேண்டும், உங்கள் அளவு என்ன என்று கேட்பதைக் குறையாக நினைப்பவர் அவர். கழற்றிய ஷூக்கள் அப்புறம் வெளியே போக வசதியாக வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கும்.

அறையில் உட்கார்ந்ததும் தேநீரும் ஒரு சின்ன இனிப்பும் வருகிறது. பெரும்பாலும் அந்த ஊர் இனிப்பு. வழக்கமான உபசாரம் மாதிரித் தெரிந்தாலும் அதற்குக் காரணம் சொல்வார்கள்: வந்தவர்கள் அடுத்து நேராக வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்கப் போவார்கள். பயணக் களைப்போடு வெறும் வயிற்றில் சுடுநீரில் இறங்கினால் தலைசுற்றும். அந்தத் தேநீர் நேரத்தில்தான் நகாய் பேச்சுக் கொடுப்பார். எங்கிருந்து வருகிறீர்கள், நாளைக்கு எங்கே போகிறீர்கள். சாதாரணப் பேச்சுதான். ஆனால் நாளைக் காலை ஒன்பது மணி பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று மகள் சொன்னால், காலைச் சாப்பாட்டு நேரம் அப்போதே அவர் மனதில் மாறிவிடும்.

இருவரும் குளித்துவிட்டுத் திரும்பும்போது அறையில் ஒரு சின்ன மாற்றம். தரையோடு தாழ்ந்த மேசை போய், நாற்காலி போட்டுச் சாப்பிடும் உயரத்துக்கு ஒரு மேசை வந்திருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அந்தத் தலைமுறைப் பெண் இல்லை இல்லை, பரவாயில்லை என்று சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் தரையில் வலியோடு உட்கார்ந்திருப்பார். கேட்காமல் செய்வதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது. சிலர் தங்களுக்கு வேண்டியதைக் கேட்கவே மாட்டார்கள். கேட்பதை வைத்தே இயங்கும் எந்தச் சேவையும் அவர்களை எட்டாது.

ராத்திரிச் சாப்பாடு ஒவ்வொரு தட்டாக வரும்: சிறு தொடக்க உணவு, தெளிந்த சூப், பச்சை மீன், சுட்டது, வேகவைத்தது, கடைசியில் சோறும் மிசோ சூப்பும் ஊறுகாயும். நகாயின் கண் இப்போது தட்டுகளின்மேல். முந்தைய தட்டில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, அடுத்ததைச் சூடாக்கலாம் என்று சமையலறைக்குச் சொல்வார். மகள் இடது கையால் சாப்பிடுகிறார் என்பதை முதல் தட்டிலேயே கண்டுகொள்வார். மறுநாள் காலைத் தட்டில் சாப்ஸ்டிக் குச்சிகளின் நுனி எதிர்ப்பக்கம் பார்த்து வைக்கப்பட்டிருக்கும். மகள் கவனித்தால் சந்தோஷப்படுவார், கவனிக்காவிட்டாலும் கை தானாகச் சரியான இடத்தில் போய் எடுத்துக்கொள்ளும். கவனிக்கப்படாமல் போவதைத் தோல்வியாக நகாய் நினைப்பதில்லை.

சாப்பாடு முடிந்ததும் மேசையை ஒதுக்கிவிட்டுப் படுக்கை விரிப்பார்கள். மறுநாள் கிளம்பும்போது ஒகாமியும் நகாயும் வாசலுக்கு வந்து, வண்டி வளைவில் மறையும்வரை கையசைப்பார்கள். விருந்தினர் கண்ணுக்கு மறையும்வரை பார்த்து நிற்க வேண்டும், உடனே உள்ளே போய்க் கதவைச் சாத்தக் கூடாது என்பதும் ஈ நாவோசுகே எழுதிவைத்ததுதான்.

இதற்காகத் தனியாக டிப்ஸ் கிடையாது. பழைய பழக்கமாகச் சிலர் சின்ன உறையில் கொஞ்சம் பணம் வைத்து நகாயிடம் கொடுப்பார்கள். ஆனால் அதைத் தங்கும் தொடக்கத்திலேயே கொடுப்பதுதான் வழக்கம். இன்று பல விடுதிகளில் அதையும் வாங்குவதில்லை. கடைசியில் கொடுக்கும் டிப்ஸ், செய்த வேலைக்கு விருந்தினர் போடும் மதிப்பெண். மதிப்பெண் இருக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியும் வேலைக்கே கூலி கிடைக்கும். குச்சியைத் திருப்பி வைத்ததற்கு யார் மதிப்பெண் போடுவது? ஆகவே இந்த உழைப்பின் விலையெல்லாம் அறை வாடகைக்குள்ளேயே இருக்கிறது. ரியோகானில் வாடகை அறைக்கு இல்லை, தலைக்கு இவ்வளவு, இரண்டு வேளைச் சாப்பாட்டோடு. நகாய் அறைக்கே வந்து கவனிக்கும் நல்ல விடுதியென்றால் ஒருவருக்கு ஒரு ராத்திரிக்கு 20,000 யென்னைத் தாண்டுவது சகஜம். பலனை எதிர்பாராத சேவை என்று விளம்பரங்கள் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொன்னால் நேர்மையாக இருக்கும். மனம் எதிர்பார்க்காமல் இருக்கலாம், விடுதிக்கு ஆட்கள் வேண்டும், ஆட்களுக்குச் சம்பளம் வேண்டும்.

இந்த உண்மையை நன்றாகப் புரிந்துகொண்ட விடுதி நோட்டோ தீபகற்பத்தில் வகுரா வெந்நீர் ஊற்றில் இருக்கும் ககாயா. 1906இல் தொடங்கியது. ஜப்பானின் பயண முகவர்கள் வாக்களிக்கும் விடுதிப் பட்டியலில் தொடர்ந்து 36 ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. அவ்வளவு புகழ் பெற்ற இடத்தில் 1980களிலேயே சாப்பாட்டை இயந்திரம் தூக்க ஆரம்பித்துவிட்டது. கட்டடம் பல மாடி. சமையலறையிலிருந்து கனமான தட்டுகளைச் சுமந்துகொண்டு ஓடுவதிலேயே நகாயின் சாயங்காலம் கழிந்துகொண்டிருந்தது. தண்டவாளம் மாதிரி ஓடும் தானியங்கி அமைப்பு ஒவ்வொரு தளத்துக்கும் உணவைக் கொண்டுபோய்ச் சேர்க்க, நகாய் அறையில் விருந்தினரோடு இருக்க நேரம் கிடைத்தது. நகாய்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள விடுதி தன் செலவிலேயே ஒரு காப்பகமும் கட்டியது. விருந்தினர் பார்க்காத இடத்தில் இயந்திரம், பார்க்கும் இடத்தில் மனிதர். இந்தப் பிரிவினை எனக்குச் சரியானதாகத் தோன்றுகிறது. பல விடுதிகளும் ஹோட்டல்களும் இன்று நேர்மாறாகச் செய்கின்றன. பின்னால் ஆட்கள் பழையபடி பாடுபட, முன்னால் வரவேற்பு மேசையில் திரை ஒன்று நிற்கிறது. ககாயா 2024 ஜனவரி 1 நிலநடுக்கத்தில் கடுமையாகச் சேதமடைந்து மூடப்பட்டது.

மேற்கத்திய ஆடம்பர ஹோட்டலிலும் இதெல்லாம் உண்டே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்களில் எந்த ஊழியரும் ஒரு விருந்தினரின் பிரச்சினையைத் தீர்க்க மேலதிகாரியைக் கேட்காமல் 2,000 டாலர் வரை செலவழிக்கலாம் என்ற விதி புகழ்பெற்றது. விருந்தினரின் விருப்பங்களைக் குறித்து வைத்துக்கொள்ளும் பழக்கமும் அவர்களுக்கு உண்டு. நல்ல முறை அது, நம்பிக்கை வைத்து ஊழியரை வளர்க்கும் முறை. ஆனால் அந்தப் பணம் முக்கியமாக வேலை செய்வது ஏதோ தவறு நடந்தபிறகு, அல்லது விருந்தினர் ஏதோ சொன்னபிறகு. மனக்குறையை மகிழ்ச்சியாக மாற்றுவதில் அதன் திறமை இருக்கிறது. அதோடு, விருந்தினர் முன்னால் தேர்வுகளை அடுக்கி வைப்பதுதான் அங்கே மரியாதை: எந்தத் தலையணை, முட்டை எப்படி வேண்டும், எத்தனை மணிக்குச் சாப்பாடு. ரியோகானிலோ தேர்வே இல்லாமல் இருப்பதுதான் மரியாதை. இன்றைக்குக் கடலில் என்ன கிடைத்ததோ, இந்தப் பருவத்துக்கு எது நல்லதோ, அதை வீட்டுக்காரர் தீர்மானித்துவிட்டார். நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை.

சிலருக்கு இது சுகம், சிலருக்கு மூச்சு முட்டும். ஆறு மணிக்குச் சாப்பாடு என்றால் ஆறு மணிதான். ஒன்பது மணிக்கு வந்து இப்போது பசிக்கிறது என்றால் சமையலறை அடைத்திருக்கும். நீங்கள் வெளியே போயிருக்கும்போது ஒருவர் அறைக்குள் வந்து படுக்கை விரிப்பதை அத்துமீறலாக நினைப்பவர்களும் உண்டு. முன்கூட்டியே ஊகித்துச் செய்வதில் ஊகம் தவறிப்போகும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. தனியாக இருக்க வந்தவரிடம் நகாய் அரை மணி நேரம் பேச்சுக் கொடுத்தால் அது தொந்தரவு. நல்ல நகாய் யார் என்று அறிய இதைத்தான் பார்க்க வேண்டும்: எப்போது விலகுவது என்று அவருக்குத் தெரிகிறதா? கற்றுக்கொள்ளக் கடினமான பகுதி அது.

இன்னொரு கோளாறு விருந்தினர் பக்கத்திலிருந்து வந்தது. ஜப்பானில் வாடிக்கையாளர்தான் தெய்வம் என்று ஒரு வாக்கியம் ரொம்பப் பிரபலம். பாடகர் மினாமி ஹாருவோ 1961இல் மேடையில் சொன்னது. தெய்வத்தின் முன் நிற்பவர்போல மனதைச் சுத்தப்படுத்திக்கொண்டு மேடையேறினால்தான் நல்ல கலை வரும் என்பது அவர் நினைத்தது. கடைகளில் அது வேறு அர்த்தம் பெற்றுவிட்டது: காசு கொடுத்தவன் என்ன சொன்னாலும் கேட்க வேண்டும். தேநீர் அறையில் விருந்தினருக்கு இருந்த பாதிப் பொறுப்பு அங்கே சத்தமில்லாமல் கழன்றுபோனது. ஊழியர்களை மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கச் சொல்வது, மணிக்கணக்கில் போனில் திட்டுவது என்று வளர்ந்த இந்த நோய்க்கு இன்று கசுஹாரா என்று ஒரு தனிப் பெயரே இருக்கிறது. 2023 டிசம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்த விடுதிச் சட்டத் திருத்தம், மற்ற விருந்தினர்களைக் கவனிக்க முடியாத அளவுக்கு மிதமிஞ்சிய கோரிக்கைகளைத் திரும்பத் திரும்ப வைப்பவரைத் தங்கவைக்க மறுக்கலாம் என்கிறது. டோக்கியோ மாநகரம் 2025 ஏப்ரல் 1 முதல் வாடிக்கையாளர் தொல்லைக்கு எதிராகத் தனி ஒழுங்குவிதியே கொண்டுவந்தது. இதை ஒமோதெனாஷியின் சரிவு என்று சிலர் வருந்துகிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. விருந்தினருக்கும் கடமை உண்டு என்ற பழைய ஏற்பாட்டைச் சட்டம் நினைவுபடுத்துகிறது.

ஆள் பற்றாக்குறை இன்னும் பெரிய சிக்கல். நகாய் வேலை விடியற்காலையிலும் ராத்திரியிலும் இருக்கிறது, நடுவில் சில மணி நேர இடைவெளி. இளையவர்கள் வருவதில்லை. பல விடுதிகள் அறையில் பரிமாறுவதை நிறுத்திவிட்டுப் பொதுச் சாப்பாட்டு அறைக்கு மாறிவிட்டன, தரையெல்லாம் பாய் பதித்த ததாமி அறையிலேயே கட்டில் போடுகின்றன. கனகவா மாகாணத்தில், 1918இல் தொடங்கிய ஜின்யா என்ற ரியோகான் வேறு வழி பிடித்தது. கடனில் மூழ்கிக் கிடந்த அந்த விடுதியை 2009இல் ஏற்ற புதிய தலைமுறைத் தம்பதி, ஒகாமியின் தலையிலும் குறிப்பேட்டிலும் சிதறிக் கிடந்த விருந்தினர் விவரங்களை எல்லா ஊழியரும் கையிலேயே பார்க்கும் கணினி அமைப்பாக மாற்றினார்கள். சென்ற முறை என்ன சாப்பிட்டார், எது பிடிக்கவில்லை என்பது சமையலறைக்கும் தெரியும், வாசலில் நிற்பவருக்கும் தெரியும். அப்புறம், விடுதித் தொழிலில் நினைத்தே பார்க்க முடியாததைச் செய்தார்கள்: 2014இலிருந்து வாரத்தில் சில நாள் விடுதியையே மூடினார்கள். ஓய்வெடுத்த கண்ணால்தான் சுவரைப் பிடித்துக்கொள்ளும் கையைக் கவனிக்க முடியும்.

சைவம் சாப்பிடும் நம்மவர்கள் ரியோகானில் தங்க நினைத்தால் இந்த முன்தயாரிப்பு நேரடியாக நம் தட்டிலேயே வந்து நிற்கும். ஜப்பானியச் சமையலின் அடித்தளச் சாறு தஷி, வழக்கமாகக் கொம்பு என்ற கடற்பாசியும் உலர்த்திச் சீவிய போனிட்டோ மீனும் சேர்த்து எடுப்பது. மிசோ சூப், வேகவைத்த காய், சாஸ் எல்லாவற்றிலும் அது இருக்கும். மீன் துண்டை எடுத்துவிட்டால் சைவமாகிவிடும் சாப்பாடு இல்லை அது. வந்து இறங்கிய அன்று சாயங்காலம் சொன்னால் விடுதிக்காரர்கள் தவித்துப்போவார்கள், பல தட்டுகள் காலியாகத்தான் வரும். அலட்சியம் அதற்குக் காரணமில்லை, உங்களுக்கான சாப்பாடு முந்தைய நாளே தீர்மானமாகிவிட்டது. கோயாசான் மலையில் பௌத்த மடங்கள் நடத்தும் சுகுபோ விடுதிகளில் எல்லோருக்கும் சோஜின் என்ற துறவிச் சாப்பாடுதான். கொம்பும் உலர்ந்த ஷீதாகே காளானும் போட்டுத் தஷி எடுப்பார்கள், அங்கே இந்தக் கவலை குறைவு. மற்ற ரியோகான்களில் பதிவு செய்யும்போதே, சைவம் என்று மட்டும் எழுதாமல், இறைச்சி, மீன், மீன் தஷி மூன்றும் கூடாது, முட்டையும் பாலும் சரி அல்லது வேண்டாம் என்று தனித்தனியாக எழுதுங்கள். சில விடுதிகள் எங்களால் முடியாது, மன்னியுங்கள் என்று பதில் எழுதும். அந்தப் பதிலை நம்பி வேறு இடம் பாருங்கள். முடியும் என்று எழுதிய விடுதி, நீங்கள் வருவதற்கு முந்தைய ராத்திரியே உங்களுக்காகத் தனியாகக் கொம்பை ஊறவைத்திருக்கும்.